கோடைக்கு எத்தனை பெட்டி சோடா?

பொங்கல் முடிந்த கையோடு, சோடா தயாரிக்கும் சிறு ஆலைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கோடையில் எத்தனை பெட்டி போகும்? பாட்டில், மூடி, சர்க்கரை, எசென்ஸ், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் இப்போதே சொல்லி வைத்தால்தான் ஏப்ரலில் தட்டுப்பாடு இல்லாமல் ஓட்ட முடியும். ஆனால் அவர் கையில் இருக்கும் கடைசிக் கணக்கு மழைக்காலத்து விற்பனை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் குளிர்பானத்துக்கு ஆண்டிலேயே மந்தமான மாதங்கள். அந்த மந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உச்ச விற்பனையைச் சொல்ல வேண்டும்.

கூடுதலாகச் சொல்லிவிட்டால் சரக்கு தேங்கும், முதல் முடங்கும். குறைவாகச் சொல்லிவிட்டால் கத்திரி வெயிலில் கடைக்காரர் போன் மேல் போன் போடுவார், கொடுக்க சரக்கு இருக்காது. அவர் வேறு கம்பெனியின் பெட்டியை இறக்கிக்கொள்வார். அந்த இடத்தை அடுத்த கோடையில் திரும்பப் பிடிப்பது லேசல்ல.

குடை, பட்டாசு, ஐஸ்கிரீம், பள்ளி நோட்டு, ஏர்கூலர் என்று பருவத்தை நம்பி ஓடும் எந்தப் பொருளுக்கும் இதே கேள்விதான். பதில் சொல்ல இரண்டு எளிய முறைகள் உண்டு. ஒன்று நகரும் சராசரி. மற்றொன்று எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங். இரண்டில் எது நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். பருவப் பொருளைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டே அதைப் பார்த்துவிடலாம்.

இரண்டு முறைகளும் செய்வது என்ன?

நகரும் சராசரி எல்லோருக்கும் பழக்கமானதுதான். கடைசி நான்கு காலாண்டு விற்பனையைக் கூட்டி நான்கால் வகுத்தால், அதுவே அடுத்த காலாண்டுக்கான முன்கணிப்பு. புதிய காலாண்டு முடிந்ததும் அதைச் சேர்த்துக்கொண்டு, மிகப் பழையதைத் தள்ளிவிட வேண்டும். நான்குக்கும் சம மதிப்பு. ஐந்தாவதுக்கு மதிப்பே கிடையாது.

ஸ்மூத்திங் முறையில் பழையது எதுவும் ஒரேயடியாகத் தள்ளப்படுவதில்லை. போன தடவை சொன்ன முன்கணிப்பை எடுத்துக்கொள்கிறோம். அது எவ்வளவு தவறியது என்று பார்க்கிறோம். அந்தத் தவறில் ஒரு பங்கை மட்டும், 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், பழைய முன்கணிப்போடு சேர்த்தால் புதிய முன்கணிப்பு கிடைத்துவிடும். இந்தப் பங்குக்கு ஆல்ஃபா என்று பெயர். ஆல்ஃபா 0.3 என்றால், கடைசி விற்பனைக்கு 30 சதவீத மதிப்பு, அதற்கு முந்தையதற்கு 21, அதற்கும் முந்தையதற்கு 14.7 என்று மதிப்பு படிப்படியாகத் தேய்ந்துகொண்டே போகும். கம்ப்யூட்டரில் எக்செல் திறந்து, B பத்தியில் விற்பனையும் C பத்தியில் முன்கணிப்பும் வைத்தால், C3 கட்டத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
=C2+0.3*(B2-C2)
```

இந்த முறை பிறந்த இடம் சந்தை அல்ல, கடற்படை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் ஆய்வாளராக இருந்த ராபர்ட் ஜி. பிரவுன், நீர்மூழ்கிக் கப்பல்களின் இருப்பிடத்தைத் தொடர்ந்து கணிக்கும் வேலையில் இதன் ஆரம்ப வடிவத்தை உருவாக்கினார். 1950களில் அதே முறை கடற்படைக் கிடங்குகளின் உதிரிப் பாகத் தேவையைக் கணிக்கப் பயன்பட்டது. கிடங்குக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் சிக்கனம். நகரும் சராசரிக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் பல மாதக் கணக்கைச் சேர்த்து வைக்க வேண்டும். ஸ்மூத்திங்குக்குக் கடைசி முன்கணிப்பு என்ற ஒரே எண் போதும். ஆயிரக்கணக்கான பாகங்களை அந்தக் காலத்து எந்திரங்களில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது பெரிய லாபம்.

கணக்குக்கு வருவோம்

விளக்கத்துக்காக ஒரு சிறு ஆலையின் மூன்று ஆண்டு விற்பனையை இப்படி எடுத்துக்கொள்வோம். எண்கள் பெட்டிக் கணக்கில் உள்ளவை, கணக்கு புரிவதற்காக அமைத்தவை.

| காலாண்டு | 1ஆம் ஆண்டு | 2ஆம் ஆண்டு | 3ஆம் ஆண்டு |
|---|---|---|---|
| ஜனவரி–மார்ச் | 980 | 1,060 | 1,150 |
| ஏப்ரல்–ஜூன் | 1,640 | 1,740 | 1,980 |
| ஜூலை–செப்டம்பர் | 880 | 1,010 | 1,080 |
| அக்டோபர்–டிசம்பர் | 500 | 550 | 570 |

முதல் இரண்டு ஆண்டுகள் மட்டும் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டை ஒவ்வொரு காலாண்டாகக் கணித்துக்கொண்டே போவோம். ஒரு முறையைச் சோதிக்க இதுதான் நேர்மையான வழி. தெரிந்த கணக்குக்கு ஏற்றபடி முறையைச் செதுக்கிவிட்டு, அதே கணக்கில் அது நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்வதில் பொருளில்லை.

பிழையை இப்படி வைத்துக்கொள்வோம்: நடந்ததிலிருந்து சொன்னதைக் கழிக்க வேண்டும். பிழை கூட்டல் என்றால் குறைவாகச் சொல்லிவிட்டோம். கழித்தல் என்றால் கூடுதலாகச் சொல்லிவிட்டோம்.

முதலில் நான்கு காலாண்டு நகரும் சராசரி. இரண்டாம் ஆண்டின் சராசரி 1,090. மூன்றாம் ஆண்டின் ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு அதுவே முன்கணிப்பு. நடந்தது 1,150. பிழை 60 பெட்டி. நல்ல தொடக்கம்தான். கோடைக்கு அது சொல்வது 1,113. நடந்ததோ 1,980. ஏறத்தாழ 867 பெட்டி குறைவு. மழைக்காலத்துக்கு அது 1,190 என்கிறது. நடந்தது 570. இந்த முறை 620 பெட்டி கூடுதல். கூட்டல் கழித்தல் பார்க்காமல் நான்கு பிழைகளையும் சராசரி எடுத்தால் 410 பெட்டி.

ஸ்மூத்திங் பிழைக்குமா? ஆல்ஃபா 0.3 வைத்து, அதே 1,090இல் தொடங்கினால் கோடைக்கு 1,108 என்கிறது. பிழை 872. கோடை விற்பனையைப் பார்த்த பிறகு அது விழித்துக்கொண்டு தன் கணிப்பை 1,370க்கு ஏற்றுகிறது. அதற்குள் கோடை முடிந்துவிட்டது. ஜூலை–செப்டம்பரில் 290 பெட்டியும், மழைக்காலத்தில் 713 பெட்டியும் கூடுதலாகச் சொல்கிறது. சராசரிப் பிழை 484.

சரி, நான்கு காலாண்டு நீளம் அதிகம், இரண்டு போதும், அப்போது வேகமாகத் திரும்பும் என்று சிலர் நினைப்பார்கள். செய்து பார்த்தால் சராசரிப் பிழை 736க்குப் போய்விடுகிறது. காரணம் எளிது. கடைசி விற்பனையை நெருக்கமாகத் துரத்தும் எந்த முறையும் கோடையின் உச்சத்தை ஆடிக்கும், ஆடியின் அளவை மழைக்காலத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு பருவம் தாமதமாக வரும் முன்கணிப்பு, சும்மா இருப்பதைவிடக் கெடுதல்.

இந்த இடத்தில் நிறுத்தினால், 410 சிறியது, 484 பெரியது, ஆகவே நகரும் சராசரியே மேல் என்று முடிவு கட்டத் தோன்றும். அது தவறான முடிவு. நான்கு காலாண்டு சராசரியில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் எப்போதும் சரியாக அடங்கிவிடுகின்றன. அதனால் அது பருவத்தையே கண்டுகொள்ளாமல் ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகிறது, அவ்வளவுதான். அது கெட்டிக்காரத்தனத்தால் வந்த வெற்றி இல்லை.

போன வருஷம் என்ன போச்சு?

எந்த முறையையும் ஏற்றுக்கொள்ளும் முன் அதை ஓர் அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். பருவப் பொருளுக்கு அந்த அளவுகோல் எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்ததுதான். போன வருஷம் இதே காலாண்டில் என்ன போனதோ, அதுவே இந்த வருஷமும் போகும் என்று சொல்வது. கணக்கே வேண்டாம், பழைய நோட்டைத் திருப்பினால் போதும்.

நம் எடுத்துக்காட்டில் இதைச் செய்தால் பிழைகள் 90, 240, 70, 20. சராசரி 105 பெட்டி. சூத்திரம் வைத்துப் போட்ட இரண்டு கணக்குகளின் பிழையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் இது. உங்களுக்கு முன்கணிப்பு செய்து தருகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: போன வருஷக் கணக்கை அப்படியே எழுதியிருந்தால் வந்திருக்கும் பிழையைவிட உங்கள் பிழை குறைவா? குறைவில்லை என்றால் அந்த முறை வேண்டாம்.

பருவத்தைப் பிரித்தெடுப்பது

போன வருஷக் கணக்கு ஏன் ஜெயித்தது? அதில் பருவம் உள்ளேயே இருக்கிறது. நாம் போட்ட இரண்டு முறைகளிலும் அது இல்லை. எனவே செய்ய வேண்டியது, பருவத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சியதைக் கணித்து, கடைசியில் பருவத்தைத் திருப்பிச் சேர்ப்பது.

ஒவ்வொரு காலாண்டின் விற்பனையையும் அந்த ஆண்டின் காலாண்டுச் சராசரியால் வகுப்போம். முதல் ஆண்டில் சராசரி 1,000. கோடை 1,640. ஆக கோடை சராசரியைப் போல 1.64 மடங்கு. இரண்டாம் ஆண்டில் அது 1.60 மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கோடையின் பருவகாலக் குறியீடு 1.62. இதே போல் ஜனவரி–மார்ச்சுக்கு 0.98, ஜூலை–செப்டம்பருக்கு 0.90, மழைக்காலத்துக்கு 0.50. நான்கையும் கூட்டினால் 4 வர வேண்டும், வருகிறது.

இனி ஒவ்வொரு விற்பனையையும் அதன் குறியீட்டால் வகுத்தால் பருவம் நீங்கிய அடிப்படை விற்பனை கிடைக்கும். இரண்டாம் ஆண்டுக்கு அது 1,082, 1,074, 1,122, 1,100. ஏற்ற இறக்கம் எல்லாம் அடங்கி, எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். மழைக்காலத்து 550 பெட்டி கோடையின் 1,740ஐவிடச் சற்றுத் தெம்பான விற்பனை என்பது இப்போதுதான் தெரிகிறது. ஜனவரியில் உட்கார்ந்திருக்கும் ஆலைக்காரருக்கு மந்தக் கணக்கிலிருந்தே சேதி கிடைத்துவிட்டது.

இந்த அடிப்படை எண்களில் இரண்டு முறைகளையும் மறுபடி ஓட்டுவோம். நகரும் சராசரி கோடைக்கு 1,117 என்கிறது. அதை 1.62ஆல் பெருக்கினால் 1,810 பெட்டி. ஸ்மூத்திங் 1,118 என்கிறது. பெருக்கினால் 1,811. ஆண்டு முழுவதும் பார்த்தால் நகரும் சராசரியின் பிழைகள் 77, 170, 41, கழித்தல் 17. ஸ்மூத்திங்கின் பிழைகள் 77, 169, 46, கழித்தல் 12. சராசரிப் பிழை இரண்டுக்கும் 76 பெட்டிதான்.

பருவத்தை எடுத்த பிறகு இரண்டு முறைகளுக்கும் பேச்சுக்குக்கூட வித்தியாசம் இல்லை. 410ஐயும் 484ஐயும் 76க்கு இறக்கியது முறையின் தேர்வு இல்லை, பருவத்தைப் பிரித்தது. எல்லாக் கணக்கிலும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகும் என்று இல்லை. ஆனால் இரண்டும் நெருங்கிய உறவுதான். நான்கு காலாண்டு நகரும் சராசரியும், ஆல்ஃபா 0.4 வைத்த ஸ்மூத்திங்கும் கடந்த காலத்தைச் சராசரியாக ஒரே அளவு பின்னோக்கிப் பார்க்கின்றன. ஆல்ஃபாவைக் கூட்டினால் கணிப்பு சுறுசுறுப்பாகும், ஒரு வாரத் திருவிழா விற்பனைக்கும் துள்ளும். குறைத்தால் நிதானமாகும், உண்மையான மாற்றத்தையும் தாமதமாகவே ஏற்கும். சராசரியின் நீளமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பிழையின் குறி சொல்லும் சேதி

76 பெட்டி என்ற எண்ணோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. பிழைகளை மறுபடி பாருங்கள். நான்கில் மூன்று கூட்டல். அதாவது தொடர்ந்து குறைவாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். போன வருஷக் கணக்கிலோ நான்குமே கூட்டல். ஒரு முறை தவறுவது தற்செயல். ஒரே பக்கமாகத் தவறிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள்.

இதைக் கவனிக்க டிராக்கிங் சிக்னல் என்று ஓர் அளவு உண்டு. குறியோடு எல்லாப் பிழைகளையும் கூட்டி, குறி பார்க்காத சராசரிப் பிழையால் வகுக்க வேண்டும். நல்ல முறையில் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை பூஜ்யத்தின் பக்கத்தில் நிற்கும். 4ஐத் தொட்டால் எச்சரிக்கை என்பது தொழிலில் வழக்கமான வரம்பு. போன வருஷக் கணக்குக்கு 420ஐ 105ஆல் வகுத்தால் 4. நம் நகரும் சராசரிக்கு 271ஐ 76ஆல் வகுத்தால் 3.6. நான்கு காலாண்டில் இதற்கு மேல் பெரிதாகப் போக முடியாது. மணி அடித்துவிட்டது.

விட்டுப்போனது வளர்ச்சி. முதல் ஆண்டின் காலாண்டுச் சராசரி 1,000, இரண்டாம் ஆண்டில் 1,090. காலாண்டுக்கு ஏறத்தாழ 22.5 பெட்டி ஏறுகிறது. நான்கு காலாண்டுகளின் சராசரி என்பது அந்த நான்கின் நடுப்பகுதியைக் குறிக்கிறது. அங்கிருந்து கணிக்க வேண்டிய காலாண்டு வரை இரண்டரைக் காலாண்டு தூரம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் 56 பெட்டி பின்தங்கியே நிற்போம். ஸ்மூத்திங்கும் இப்படித்தான் பின்தங்கும். வளர்ச்சியை ஆல்ஃபாவால் வகுத்தால் அது எவ்வளவு பின்தங்கும் என்பது கிடைக்கும்.

அடிப்படை எண்ணோடு அந்த 56ஐச் சேர்த்து, பிறகு குறியீட்டால் பெருக்கிப் பார்ப்போம். கோடைக்கான முன்கணிப்பு 1,900 ஆகிறது. பிழைகள் 22, 80, கழித்தல் 9, கழித்தல் 45. சராசரிப் பிழை 76இலிருந்து 39க்கு இறங்கிவிட்டது. டிராக்கிங் சிக்னல் 1.2. கூட்டலும் கழித்தலும் கலந்து வந்துவிட்டன.

இந்த மூன்று பகுதிகளையும், அதாவது அடிப்படை, வளர்ச்சி, பருவம் ஆகியவற்றை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆல்ஃபா வைத்துக் காலாண்டுதோறும் திருத்திக்கொண்டே போவதுதான் ஹோல்ட்–வின்டர்ஸ் முறை. சார்ல்ஸ் ஹோல்ட் 1957இல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில் இதற்கு அடித்தளம் இட்டார். அவருடைய மாணவர் பீட்டர் வின்டர்ஸ் 1960இல் அதை உண்மையான விற்பனைக் கணக்குகளில் சோதித்து வெளியிட்டார். ஸ்மூத்திங் நகரும் சராசரியை உண்மையிலேயே மிஞ்சும் இடம் இதுதான். பருவகாலக் குறியீடும் வளர்ச்சியும் காலப்போக்கில் மாறும். ஸ்மூத்திங் அவற்றையும் தானே புதுப்பித்துக்கொள்ளும். நகரும் சராசரிக்கு அந்த வசதி இல்லை.

நகரும் சராசரிக்கு வேறொரு நல்ல வேலை உண்டு. நாம் குறியீடு கண்ட விதத்தில் ஒரு சிறு குறை இருக்கிறது. விற்பனை வளர்ந்துகொண்டே இருந்தால், ஆண்டின் கடைசிக் காலாண்டு வளர்ச்சியாலும் கொஞ்சம் பெருத்திருக்கும். அதையும் பருவம் என்று எண்ணி மழைக்காலக் குறியீட்டைச் சற்றுக் கூட்டிவிட்டோம். கடைசிக் காலாண்டில் 45 பெட்டி கூடுதலாகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்டுச் சராசரிக்குப் பதில், அந்தந்தக் காலாண்டை நடுவில் வைத்து எடுத்த ஓராண்டு நகரும் சராசரியால் வகுத்தால் இந்தக் குறை நீங்கும். ஆக, நாளையைச் சொல்வதைவிடப் பருவத்தைப் பிரித்தெடுக்கவே நகரும் சராசரி அதிகம் உதவும்.

எந்தப் பிழையை அளப்பது?

இதுவரை நாம் பார்த்தது பெட்டிக் கணக்கில் சராசரிப் பிழை. பெரிய நிறுவனங்களில் அதிகம் பேசப்படுவது சதவீதப் பிழை, சுருக்கமாக மேப். ஒவ்வொரு காலாண்டிலும் பிழை நடந்த விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, சராசரி எடுப்பது. நம் கடைசிக் கணக்குக்கு அது 3.7 சதவீதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உள்ளே பாருங்கள். கோடையில் 80 பெட்டி தவறியது 4 சதவீதம். மழைக்காலத்தில் 45 பெட்டி தவறியது 7.9 சதவீதம். சதவீதத்தை நம்பினால் மழைக்காலக் கணிப்பைச் சரி செய்யத்தான் உட்காருவோம். பணம் போனது கோடையில்.

சதவீதப் பிழையில் இன்னொரு சாய்வும் உண்டு. விற்பனையைக் குறைத்துச் சொன்னால் பிழை 100 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. கூட்டிச் சொன்னால் 200, 300 என்று எல்லையில்லாமல் போகலாம். எனவே இந்த அளவை வைத்து முறைகளைத் தேர்ந்தால், குறைத்துச் சொல்லும் முறைக்கே பரிசு போகும். கோடையில் சரக்கு இல்லாமல் நிற்கும் ஆபத்து உள்ள தொழிலுக்கு இது நேர் எதிரானது. விற்பனையே இல்லாத மாதம் வந்தால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வந்து அளவே செத்துவிடும்.

பெரிய தவறுகளுக்குக் கூடுதல் தண்டனை கொடுக்க விரும்பினால், பிழைகளை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காணலாம். இதுவே ஆர்.எம்.எஸ்.இ. கடைசிக் கணக்குக்கு அது 47. சராசரிப் பிழையான 39ஐவிட அது எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்த அளவுக்கு ஒன்றிரண்டு காலாண்டுகள் மற்றவற்றைவிட மோசமாகத் தவறியிருக்கின்றன என்று பொருள்.

சிறு தொழிலுக்கு என் பரிந்துரை எளிமையானது. பெட்டியில் சராசரிப் பிழையை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போன வருஷக் கணக்கின் பிழையால் வகுத்துப் பாருங்கள். நம் கணக்கில் 39ஐ 105ஆல் வகுத்தால் 0.37. ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் முறைக்கு மதிப்பு. கூடவே குறியோடு பிழையைக் கூட்டி வையுங்கள். இந்த மூன்றும் போதும்.

இன்னொன்று. பிழையை, ஆர்டர் கொடுக்கும் நாளில் நின்று அளக்க வேண்டும். மார்ச் முடிந்த பிறகு கோடைக்குச் சொன்னால், வளர்ச்சி சேர்க்காத நகரும் சராசரியின் பிழை 170. ஜனவரியிலேயே சொல்ல வேண்டுமானால் ஜனவரி–மார்ச் விற்பனை இன்னும் கையில் இல்லை. அப்போது அதே முறையின் பிழை 207. பாட்டிலுக்கு மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டியவர், ஒரு மாத முன்கணிப்பின் பிழையைப் பார்த்து நிம்மதி அடைவதில் பயனில்லை.

கணக்கு நோட்டில் இல்லாதவை

எந்த முறையும் சரிசெய்ய முடியாத தவறு ஒன்று உண்டு. நோட்டில் இருப்பது விற்ற கணக்கு. நமக்கு வேண்டியது கேட்ட கணக்கு. மே மாதம் இரண்டு வாரம் பாட்டில் இல்லாமல் ஆலை நின்றிருந்தால், அந்தக் கோடையின் எண் உண்மையான தேவையைவிடக் குறைவு. அதிலிருந்து எடுத்த குறியீடும் குறைவு. அடுத்த கோடைக்கு அந்தக் குறைவான அளவுக்கே சரக்கு வாங்குவோம், அது முழுதும் விற்றுத் தீரும், கணிப்பு பலித்தது என்று பிழைக் கணக்கு பாராட்டும். இழந்த விற்பனை எங்கும் தெரியாது. சரக்கு தீர்ந்த நாட்களையும், இல்லை என்று சொன்ன ஆர்டர்களையும் எழுதி வைப்பது மட்டுமே இதற்கு மருந்து.

இரண்டாவது, நகரும் பண்டிகைகள். தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. பட்டாசு வியாபாரி மாதவாரியாகக் குறியீடு எடுத்தால், ஓர் ஆண்டில் நவம்பருக்கு உச்சம், அடுத்த ஆண்டில் அக்டோபருக்கு உச்சம் என்று குழம்பிவிடும். இரண்டையும் சராசரி எடுத்தால் இரண்டு மாதமும் அரைகுறை. அவருக்குக் காலண்டர் மாதம் உதவாது. தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பு என்று எண்ணி எழுதினால் பருவம் சீராக விழும். ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் பேரீச்சம்பழ வியாபாரிக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, இரண்டு ஆண்டுக் குறியீட்டை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. கோடையில் நல்ல மழை பெய்த ஒரே ஓர் ஆண்டு அதைக் கீழே இழுத்துவிடும். நான்கைந்து ஆண்டுக் கணக்கு இருந்தால் ஒரு விபரீத ஆண்டைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரி எடுக்கலாம். வளர்ச்சியும் அப்படித்தான். இரண்டு ஆண்டு ஏறியது பத்து ஆண்டும் ஏறும் என்று நீட்டிக்கொண்டே போகக் கூடாது. அடுத்த ஒன்றிரண்டு பருவத்துக்கு மட்டும் அதைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

இதற்கெல்லாம் பெரிய சாஃப்ட்வேர் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் தலைமையில் ஆய்வாளர்கள் 1,001 கணக்குத் தொடர்களில் பல முறைகளை மோதவிட்டு 1982இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிக்கலான முறைகள் எளிய முறைகளைவிடச் சிறப்பாகக் கணிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அதில் தெரிந்தது. பருவத்தை நீக்கிய எளிய ஸ்மூத்திங் அங்கேயும் தலை நிமிர்ந்தே நின்றது.

ஆகவே பருவப் பொருள் விற்பவர்கள் நகரும் சராசரியா, ஸ்மூத்திங்கா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் பருவத்தைப் பிரியுங்கள். அடுத்து வளர்ச்சியைச் சேருங்கள். போன வருஷக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிழையின் அளவோடு அதன் குறியையும் எழுதுங்கள். இந்தக் கோடையிலிருந்தே நோட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகக் கோடு போட்டு, கேட்டுக் கிடைக்காமல் போன பெட்டிகளை அதில் குறித்து வாருங்கள். அடுத்த கோடையின் முன்கணிப்புக்கு அதைவிட உதவும் எண் வேறு இல்லை.